ஏழாவது ஸ்லைடில் அரை மாத்திரை

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கரைசலோடு ஜிங்க் மாத்திரையும் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004-இல் கூட்டாக அறிவித்தன. இந்தச் செய்தி கிராம சுகாதாரச் செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் போய்ச் சேர்வது பெரும்பாலும் பயிற்சி வகுப்பில் ஓடும் பிபிடி வழியாகத்தான். மருத்துவர்கள் ஆங்கிலத்தில் தயாரிப்பார்கள், வகுப்பு தமிழில் நடக்கும். இரண்டு கோப்புகளும் ஒன்றையே சொல்கின்றனவா என்று ஸ்லைடு ஸ்லைடாகப் பார்ப்பது தனி வேலை. அதை மொழிபெயர்த்தவரிடமே விட்டுவிடுவதுதான் வழக்கம். தான் விட்ட வரி தன் கண்ணில் படுவது அரிது என்பதால் அது நல்ல வழக்கமல்ல.

24 ஸ்லைடு கொண்ட இப்படியொரு பிபிடி சரிபார்க்க வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அனுபவசாலிகள் உடனே படிக்க உட்கார மாட்டார்கள். கையிலிருக்கும் ஆங்கிலக் கோப்பும் மொழிபெயர்ப்புக்குப் போன ஆங்கிலக் கோப்பும் ஒன்றுதானா என்பதே அவர்களுடைய முதல் கேள்வி. தமிழாக்கம் நடந்த இரண்டு வாரத்தில் ஆங்கிலத்தில் யாராவது ஒருவர் கை வைத்திருப்பார். பவர்பாயிண்டில் Review பகுதியில் உள்ள Compare பொத்தான் இதற்கு உதவும். தமிழையும் ஆங்கிலத்தையும் ஒப்பிட அதனால் ஆகாது. பழைய ஆங்கிலத்தில் இருந்து புதிய ஆங்கிலம் எங்கே மாறியிருக்கிறது என்று காட்டும். மாறிய ஸ்லைடுகளின் எண்களைக் குறித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் அங்கேயே பிடிபடும்.

அடுத்து எண்ணிக்கை. இரண்டிலும் 24 என்று இருந்தாலும் நம்பக் கூடாது, மறைத்து வைத்த ஸ்லைடுகளும் அந்தக் கணக்கில் சேரும். ஆங்கிலத்தில் திரையில் வரும் ஒரு ஸ்லைடு தமிழில் மறைக்கப்பட்டிருந்தால் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், வகுப்பில் மட்டும் அது வராது. Slide Sorter காட்சியில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எண்ணின் மேல் விழுந்திருக்கும் கோடு இதைச் சொல்லிவிடும்.

பலர் Outline View காட்சியைத் திறந்து, அதில் வரும் எழுத்தை மட்டும் ஒப்பிட்டுவிட்டு முடிந்தது என்பார்கள். அந்தக் காட்சியில் தலைப்பும் முதன்மைப் பெட்டியும்தான் தெரியும். தனியாகச் செருகிய பெட்டி, வரைபடம், படத்துக்குள் இருக்கும் எழுத்து எதுவும் வராது. எச்சரிக்கை வாசகங்களைச் சிவப்புப் பெட்டியில் தனியாகச் செருகுவதுதான் எல்லோருடைய பழக்கமும். ஆகவே தவறவே கூடாத வரிதான் இந்த முறையில் முதலில் தவறும். Alt+F10 தட்டினால் அந்த ஸ்லைடில் உள்ள எல்லாப் பொருள்களும் வலப்பக்கம் பட்டியலாக வரும். ஆங்கிலத்தில் ஒன்பது, தமிழில் எட்டு என்றால் ஏதோ ஒன்று தொலைந்திருக்கிறது.

இப்போது ஐந்தாவது ஸ்லைடு. ஒரு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். தூளை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்க வேண்டும் என்று இரண்டு மொழியிலும் எழுதியிருக்கிறது. எழுத்தில் குறையே இல்லை. ஆங்கிலத்தில் இருந்த படத்துக்குப் பதிலாக, உள்ளூர்க் கடையில் கிடைத்த பாக்கெட்டைப் படமெடுத்துத் தமிழில் போட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அது 200 மில்லி தண்ணீருக்கான சின்ன பாக்கெட். அதை ஒரு லிட்டரில் கரைத்தால் உப்பும் சர்க்கரையும் ஐந்தில் ஒரு பங்காகிவிடும், கரைசல் பயன்படாது. இதே தவறு தலைகீழாக நடந்தால் இன்னும் மோசம். ஒரு லிட்டருக்கான 20.5 கிராம் தூளை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் குழந்தையின் ரத்தத்தில் சோடியம் ஏறும், அது உயிருக்கே ஆபத்து. எழுத்தை எழுத்தோடும் படத்தைப் படத்தோடும் ஒப்பிட்டால் போதாது. தமிழ் ஸ்லைடின் எழுத்தை அதே ஸ்லைடின் படத்தோடும் ஒப்பிட வேண்டும்.

ஏழாவது ஸ்லைடு ஜிங்க் அளவு. இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு நாளுக்கு 10 மில்லிகிராம், அதாவது 20 மில்லிகிராம் மாத்திரையில் பாதி. ஆறு மாதம் நிறைந்துவிட்டால் முழு மாத்திரை. வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும். தமிழ் ஸ்லைடில் '2 முதல் 6 மாதம் வரை அரை மாத்திரை, 6 மாதம் முதல் ஒரு மாத்திரை, 14 நாள்' என்று இருக்கிறது. எண்களை மட்டும் வட்டமிட்டு ஒப்பிடுகிறவர் இதற்கு டிக் அடித்துவிடுவார். எண்கள் எல்லாம் இருக்கின்றன. 6 என்ற எண் மட்டும் இரண்டு பக்கமும் நிற்கிறது, நின்ற பிறகும் என்ற நிபந்தனையைக் காணோம்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ் ஸ்லைடை மட்டும் காட்டி, எல்லையில் நிற்கும் குழந்தையைப் பற்றிக் கேட்க வேண்டும். "நேற்றோடு ஆறு மாதம் நிறைஞ்ச பிள்ளைக்கு எத்தனை மாத்திரை சிஸ்டர்? மூணாம் நாளே வயிற்றுப்போக்கு நின்னுடுச்சு, மாத்திரையை நிறுத்தலாமா?" பதில் சொல்லத் தயங்கினாலோ ஆங்கில ஸ்லைடுக்கு மாறான பதில் வந்தாலோ அந்த ஸ்லைடு தேறவில்லை. ஒவ்வொரு வரியையும் திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்ப்பதைவிட இது விரைவானது, மருந்தளவு ஸ்லைடுகளுக்கு இதுவே நம்பகமானதும்கூட.

அந்த நிபந்தனை ஏன் விழுந்தது? பெரும்பாலும் அறியாமையால் அல்ல, இடப் பற்றாக்குறையால். ஆங்கிலத்தில் இரண்டு வரியில் அடங்குவது தமிழில் மூன்றாகும். பெட்டிக்குள் அடங்காதபோது மென்பொருள் தானாகவே எழுத்தைச் சிறிதாக்கும். கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது என்று அஞ்சி மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தைக் குறுக்குவார். குறுக்கும்போது முதலில் வெட்டுப்படுவது வினைச்சொல்லோ எண்ணோ அல்ல. 'நின்ற பிறகும்', 'ஒருபோதும்', 'இரண்டு மாதத்துக்குக் கீழே என்றால்' போன்ற துணைச் சொற்கள்தான். ஆகவே எழுத்து சிறுத்திருக்கும் ஸ்லைடையும், ஆங்கிலத்தைவிடக் கச்சிதமாக இருக்கும் தமிழ் ஸ்லைடையும் கூடுதல் சந்தேகத்தோடு பார்க்க வேண்டும்.

இடம் போதாத ஸ்லைடை இரண்டாகப் பிரிப்பதே சரி. பிரித்தால் ஆங்கிலத்திலும் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் எட்டாவதிலிருந்து எல்லா எண்ணும் தள்ளிப் போகும். '12-ஆம் ஸ்லைடைப் பாருங்கள்' என்று உள்ளே எழுதியிருந்தால் அது வேறெங்கோ கொண்டு போய் விடும்.

ஸ்லைடுக்குக் கீழே இருக்கும் பயிற்றுநர் குறிப்பையும் மறக்கக் கூடாது. திரையில் அது தெரியாது, பயிற்றுநர் வாசிப்பது அதைத்தான். கரைசலை 24 மணி நேரத்துக்குப் பின் கொட்டிவிட வேண்டும் என்பது போன்ற வரிகள் பெரும்பாலும் அங்கே இருக்கும், தமிழாக்கத்துக்கு அனுப்பும்போது விட்டுப்போகும்.

எழுத்துருவிலும் ஒரு சோதனை பாக்கி. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்பது jkpo; என்று நிற்கும். தயாரித்த கணினியில் எல்லாம் அழகாகவே தெரியும். வகுப்பு நடக்கும் இடத்துக் கணினியில் ஒருமுறை திறந்து பார்ப்பதும், யூனிகோடில் மாற்றி வைப்பதும் கடைசி நேர அவதியைத் தவிர்க்கும்.

சரிபார்த்த இருவரும் இரண்டு கோப்பின் தேதியையும் முதல் ஸ்லைடின் மூலையில் எழுதி வைக்கட்டும். அதன் பிறகு ஆங்கிலத்தில் ஒரே ஒரு எண் மாறினாலும் அந்த ஸ்லைடு மறுபடி இருவர் கைக்கும் வர வேண்டும். இதற்கெல்லாம் நேரம் இல்லை என்கிறவர்கள் மருந்தளவு, கலக்கும் அளவு, உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டிய அறிகுறிகள் ஆகிய மூன்று ஸ்லைடுகளையாவது முழுமையாகப் பார்த்துவிட்டு வகுப்பைத் தொடங்குங்கள்.