தலை போனாலும் ஓடும் கரப்பான்பூச்சி

தலையை இழந்த கரப்பான்பூச்சி பல நாட்கள் உயிரோடு இருக்கும். மனிதனுக்குக் கழுத்துத் தமனி அறுந்தால் சில நிமிடங்கள்தான். உடலியல் தேர்வுக்குத் திறந்த, மூடிய இரத்த ஓட்டங்களை ஒப்பிட்டுப் படிப்பவர்கள் இந்த இடத்தில் தொடங்கினால் பாதி விடை தானாக வந்துவிடும்.

நம் உடலில் சுமார் 5 லிட்டர் இரத்தம் தமனி, தந்துகி, சிரை என்று குழாய்களுக்குள்ளேயே சுற்றுகிறது. இதயம் சுருங்கும்போது தமனியில் ஏறக்குறைய 120 மி.மீ. பாதரச அழுத்தம் எழுகிறது. குழாய் அறுந்தால் இரத்தம் பீறிடுவது அதனால்தான். கரப்பான்பூச்சியிடம் தந்துகியும் இல்லை, சிரையும் இல்லை. ஹீமோலிம்ஃப் என்ற திரவம் உடற்குழியில் உறுப்புகளை நேராக நனைத்துக்கொண்டு நகர்கிறது. அழுத்தம் மிகக் குறைவு; காயம் பட்ட இடமும் சீக்கிரம் உறைந்து அடைபடும்.

இதற்கு இருக்கும் ஒரே பெரிய குழாய் முதுகுப்புற நாளம். அதன் பின்பகுதிதான் 13 அறைகள் கொண்ட இதயம், முன்பகுதி பெருந்தமனி. சுருக்கம் வாலிலிருந்து தலையை நோக்கி அலையாக நகர்ந்து, திரவத்தைத் தலைக்குள் கொட்டுகிறது. அங்கிருந்து அது உடற்குழி வழியாகப் பின்னோக்கி வருகிறது. கால், உணர்கொம்பு போன்ற நீண்ட உறுப்புகளின் நுனிவரை இந்த ஓட்டம் எளிதில் எட்டாது. அதனால் பல பூச்சிகளுக்கு அவற்றின் அடியில் துணைத் துடிப்பு உறுப்புகள் உண்டு.

சிரை இல்லையென்றால் திரவம் இதயத்துக்குள் எப்படித் திரும்பும்? தேர்வில் பலர் தடுமாறுவது இங்கேதான். இதயத்துக்கு அடியில் விரிந்திருக்கும் துளையுள்ள சவ்வை முக்கோண வடிவ அலரி தசைகள் இழுக்கின்றன. சவ்வு தாழ்ந்ததும் மேலே உள்ள குழியில் இடம் பெருகி, திரவம் துளைகள் வழியே அங்கே வந்து சேர்கிறது. இதயம் விரியும்போது ஆஸ்டியா என்ற பக்கத் துளைகள் திறந்து அதை உள்ளே விடுகின்றன. சுருங்கும்போது அவையே வால்வுபோல் மூடிக்கொள்கின்றன. ஆக, அலரி தசைகள் இதயத்தை நிரப்ப உதவுகின்றன. அவை இதயத்தைச் சுருக்குவதாக எழுதினால் மதிப்பெண் போகும்.

இவ்வளவு மெதுவான ஓட்டத்தை வைத்துக்கொண்டு இப்படி ஓடும் பூச்சிக்கு ஆக்ஸிஜன் எப்படிப் போதும்? அந்த வேலை ஹீமோலிம்ஃபிடம் இல்லை. பக்கவாட்டுச் சுவாசத்துளைகளிலிருந்து கிளைக்கும் மூச்சுக்குழல்கள் காற்றைத் திசுக்கள்வரை கொண்டுபோகின்றன. ஹீமோகுளோபின் தேவைப்படாததால் கரப்பானின் ‘இரத்தம்’ நிறமற்றது. ஹீமோலிம்ஃப் சுமப்பது உணவு, ஹார்மோன், கழிவு ஆகியவற்றை. அதிலுள்ள செல்கள் கிருமிகளை விழுங்கும். தோலுரிக்கும்போது பழைய மேல்தோலைப் பிளப்பதும் இத்திரவத்தின் அழுத்தமே.

விதிவிலக்கு கேட்டால் கைரோனோமஸ் கொசுவின் இளம்புழுவை எழுதுங்கள். ஆக்ஸிஜன் குறைந்த சேற்றில் வாழும் அதன் ஹீமோலிம்ஃபில் ஹீமோகுளோபின் உண்டு. அதனால் அது சிவப்பாகவே இருக்கும்.