தேன் ஏன் கெடுவதில்லை?

உள்நோயாளிகளைக் காண வரும் உறவினர் பலர் பழங்களோடு ஒரு புட்டித் தேனையும் கொண்டு வருகின்றனர். அப்போது எங்களிடம் அடிக்கடி இரண்டு வினாக்கள் எழுப்பப்படுகின்றன. தேன் கெடவே கெடாது என்கிறார்களே, பின் ஏன் புட்டியின் மேல் தேதி அச்சிட்டிருக்கிறார்கள்? அவ்வளவு தூய்மையான பொருள் என்றால் பிறந்த குழந்தையின் நாவில் ஒரு துளி தடவலாம் அல்லவா? முதல் வினா எளியது. இரண்டாவது உயிரோடு தொடர்புடையது. ஆயினும் இரண்டிற்குமான விடை தேன்கூட்டினுள் நடைபெறும் ஒரே பணியில் அடங்கியுள்ளது. நீரை வெளியேற்றுவதே அப்பணி.

மலரில் சுரக்கும் பூந்தேன் நாம் உண்ணும் தேன் அன்று. அது நீர்த்த சர்க்கரைக் கரைசல். செடிக்குச் செடி, வேளைக்கு வேளை அதன் செறிவு மாறும். நூறு பங்கில் இருபது பங்கு மட்டுமே சர்க்கரை உள்ள பூந்தேனும் உண்டு. நாற்பது பங்கு உள்ளதும் உண்டு. எஞ்சியது பெரும்பாலும் நீர். இக்கரைசலை ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்தால் இரண்டொரு நாளில் புளித்துவிடும். பதநீர் கள்ளாக மாறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பூந்தேனை உறிஞ்சும் தேனீ அதைத் தன் செரிமான இரைப்பைக்குள் அனுப்புவதில்லை. அதற்கு முன்னே தேன்பை என்றொரு தனி அறை இருக்கிறது. இரண்டிற்கும் நடுவே ஒரு தடுக்கிதழ் உண்டு. தேனீக்குப் பசி எடுக்கும்போது மட்டும் சிறிதளவு உள்ளே செல்ல அது வழிவிடும். மற்றதெல்லாம் கூட்டின் பொதுச் சொத்து. ஆகவே, தேன் என்பது தேனீயின் வாந்தி என்று சிலர் முகம் சுளிப்பது பொருத்தமன்று. அது குடத்தில் நீர் மொண்டு வருவதற்கு ஒப்பானது.

கூட்டிற்குத் திரும்பிய தேனீ தன் சுமையைத் தானே அறையில் ஊற்றுவதில்லை. உள்ளே காத்திருக்கும் வேறொரு பணித் தேனீயிடம் வாயிலிருந்து வாய்க்கு மாற்றிவிட்டு மீண்டும் பறந்துவிடுகிறது. வாங்கிக்கொண்ட தேனீ கூட்டில் கூட்டம் குறைந்த ஓரிடத்தைத் தேடி நின்று, மடித்து வைத்த உறிஞ்சுகுழலைச் சற்றே விரித்து, ஒரு துளியை வெளியே கொணர்ந்து மெல்லிய படலமாகப் பரப்புகிறது, பின் உள்ளிழுக்கிறது, மறுபடியும் பரப்புகிறது. சில விநாடிகளுக்கு ஒருமுறையாக ஏறக்குறைய இருபது நிமிடம் இவ்வாறே தொடர்கிறது. சூடான பாலைக் குவளைக்குக் குவளை ஆற்றும்போது பரப்பு பெருகி ஆவி விரைந்து வெளியேறுவதை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். பின்னர் அந்தத் துளி மெழுகறையின் சுவரில் மெல்லப் பூசப்படுகிறது. அறையை உடனே நிரப்பிவிடுவதும் இல்லை. முதலில் கால் பங்கு, அல்லது அதற்குச் சற்று மிகுதி, அவ்வளவே. கூட்டின் நடுப்பகுதி ஏறத்தாழ 35 பாகை செல்சியஸ் வெப்பத்தில் இருக்கிறது. பல தேனீக்கள் வரிசையாக நின்று சிறகுகளை வீசி, ஈரக்காற்றை வாயில் வழியே தள்ளியவண்ணம் இருக்கின்றன. தேன் பெருகும் பருவத்தில், இரவு வேளையில் தேன்பெட்டியின் அருகே காதைக் கொண்டுசென்றால் கேட்கும் இரைச்சல் இதுதான்.

இது எத்தகைய உழைப்பு என்பதற்கு ஒரு சிறு கணக்கு. ஒரு கிலோ தேனில் 200 கிராம் நீர் என்று கொண்டால், மீதி 800 கிராம் ஏறத்தாழ முழுவதும் சர்க்கரையே. பூந்தேனில் நூற்றுக்கு நாற்பது பங்கு சர்க்கரை இருந்தால் அந்த 800 கிராமைப் பெற இரண்டு கிலோ பூந்தேன் தேவை; ஒரு கிலோ நீரை ஆவியாக்க வேண்டும். இருபது பங்கே இருந்தால் நான்கு கிலோ பூந்தேனைச் சுமந்து வந்து மூன்று கிலோ நீரை வெளியேற்ற வேண்டும். ஐரோப்பியத் தேனீ ஒருமுறை சுமப்பது ஏறத்தாழ 40 மில்லிகிராம். அந்த நான்கு கிலோவுக்கு ஒரு லட்சம் நடை ஆகும். நம் நாட்டுத் தேனீ உருவில் சிறியது. அதற்கு இன்னும் மிகுதி.

நீரை அகற்றுவது மட்டும் போதுமா என்றால், போதாது. வீட்டில் சர்க்கரைப் பாகு காய்ச்சியவர்கள் அறிவார்கள்: ஓரளவுக்கு மேல் நீர் வற்றினால், ஆறியதும் சர்க்கரை பூத்துவிடும். அறை வெப்பத்தில் 100 கிராம் நீர் ஏறத்தாழ 200 கிராம் சர்க்கரையைத்தான் கரைத்து வைத்திருக்கும். தேனிலோ அதே அளவு நீரில் 400 கிராம் கரைந்து நிற்கிறது. இந்த வியப்புக்குக் காரணம் தேனீயின் சுரப்பியிலிருந்து சேரும் இன்வர்டேஸ் என்னும் நொதி. நாம் சர்க்கரை என்று வழங்கும் சுக்ரோஸை அது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என இரண்டாகப் பிரிக்கிறது. இவற்றுள் ஃபிரக்டோஸ் நீரில் மிக எளிதில் கரைவது. சுக்ரோஸ் அப்படியே இருந்திருந்தால் தேனை இத்தனை செறிவுக்குக் கொண்டுவர முடிந்திராது.

செறிவு ஏறியபின் கிருமிகளுக்கு என்ன நேர்கிறது? உப்பில் கிடக்கும் எலுமிச்சை சுருங்குவதைப் போன்றதே. தேனில் நீர் இருந்தாலும் அந்நீரைச் சர்க்கரை பிடித்து வைத்திருக்கிறது. அதில் விழும் கிருமி தனக்கு வேண்டிய நீரைப் பெற முடியாததோடு, தன்னிடம் உள்ள நீரையும் இழந்து ஒடுங்கிவிடுகிறது. இதற்குத் துணையாக இன்னொரு நொதி குளுக்கோஸில் ஒரு பகுதியைக் குளுக்கானிக் அமிலமாக மாற்றுகிறது. தேன் இனிப்பாக இருப்பினும் உண்மையில் நல்ல புளிப்புப் பொருள். இனிப்பின் மிகுதியால் நாவுக்குப் புளிப்பு தெரிவதில்லை. இம்மாற்றத்தின்போது புண் கழுவப் பயன்படும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சிறிதளவு உண்டாகிறது. பூந்தேன் இன்னும் நீர்த்திருக்கும் நாட்களில் அதைக் காப்பது பெரும்பாலும் இவ்விரண்டே. முற்றிய தேனில் இந்நொதி ஏறக்குறைய உறங்கிவிடுகிறது.

நீரின் அளவு போதிய அளவுக்குக் குறைந்ததும் தேனீக்கள் அறையை மெழுகால் மூடி முத்திரையிடுகின்றன. தேன் முதிர்ந்துவிட்டது என்பதற்கு இதைவிட நம்பத்தக்க அடையாளம் வேறில்லை. ஏனெனில் தேன் தன்னைச் சூழ்ந்த காற்றிலிருந்து ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. மூடாது விட்டால் மழைக்காலத்தில் அத்தனை உழைப்பும் பாழாகும்.

கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பகுதியில் தேன் எடுப்போர்க்கு இது அன்றாடக் கவலை. அங்கே ரப்பர் தோட்டங்களில் புதுத்தளிர் விடும் ஆண்டுத் தொடக்க மாதங்களில் தேன் பெருகுகிறது. சுவையான செய்தி ஒன்று: ரப்பர் மரத்தில் தேனீக்கள் இத்தேனைப் பெரும்பாலும் பூவிலிருந்து எடுப்பதில்லை; இலைக்காம்பின் நுனியில் உள்ள சுரப்பிகளிலிருந்தே எடுக்கின்றன. ஈரம் மிகுந்த இந்நிலத்தில், நாட்டுத் தேனீயின் தேனில் நீர் சற்று மிகுதியாகவே நின்றுவிடும். இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு விதிப்படி தேனில் ஈரம் நூற்றுக்கு 20 பங்கைத் தாண்டலாகாது. விலை கிடைக்கிறதே என்று அறைகள் மூடப்படுமுன் சட்டங்களை எடுத்துச் சுழற்றினால் அந்த அளவு எளிதில் மீறிப்போகும்.

மீறினால் தேன் கெடும். செறிந்த சர்க்கரையையும் தாங்கும் சில வகை ஈஸ்டுகள் எல்லாத் தேனிலும் ஒடுங்கிக் கிடக்கின்றன. நீர் சற்றே கூடினால் அவை விழித்துக்கொள்ளும். மேலே நுரை படியும், மூடியைத் திறக்கும்போது காற்று சீறும், புளித்த வாடை வீசும். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அத்தேனை உண்ண வேண்டாம். வெறுமனே உறைந்து, மணல்மணலாகப் படிந்த தேன் கெட்டதன்று. குளுக்கோஸ் படிகமாகியிருக்கிறது, அவ்வளவே. கலப்படம் என்று கொட்டிவிடவும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் புட்டியை நிறுத்தி வைத்தால் இளகிவிடும். கொதிக்கவைத்தால் நொதிகள் அழியும். ஆனால் பாதி உறைந்த தேனை நெடுநாள் வைக்காதீர்கள். படிகம் அடியில் இறங்கியபின் மேலே நிற்கும் திரவத்தில் நீரின் பங்கு கூடிவிடுவதால் புளிப்பு அங்கேதான் தொடங்கும். புட்டியில் அச்சிட்ட தேதி இத்தகைய மாற்றங்களைக் கருதியே.

இனி இரண்டாவது வினா. தேன் கிருமிகளை வளரவிடுவதில்லை. எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை. இந்த வேறுபாடே முக்கியமானது. மண்ணிலும் தூசியிலும் வாழும் கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்னும் கிருமி, கடினமான உறையுடைய வித்தாக மாறித் தேனுக்குள் பல காலம் உயிரோடு உறங்கும். வளர்ந்தவரின் குடலில் நிலைபெற்றுள்ள நல்ல நுண்ணுயிர்கள் அவ்வித்து முளைக்க இடங்கொடா. ஓராண்டு நிறையாத குழந்தையின் குடலிலோ அந்தக் காவல் இன்னும் அமையவில்லை. வித்து முளைத்து நஞ்சு சுரந்தால் நரம்புக்கும் தசைக்கும் இடையிலான தொடர்பு தளர்கிறது. முதலில் மலச்சிக்கல், பின் பால் குடிப்பதில் சுணக்கம், நலிந்த அழுகுரல், தொய்ந்த இமைகள், நில்லாத கழுத்து, முற்றினால் மூச்சுத் திணறல். நோய் அரிது. ஆனால் வந்தால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வாரக்கணக்கில் இருக்க நேரிடும்.

ஆதலால் சேனை வைக்கும் சடங்கிற்குத் தேன் வேண்டாம் என்று பாட்டிமாரை நாங்கள் பணிவோடு கேட்டுக்கொள்கிறோம். காய்ச்சிக் கொடுத்தால் ஆகாதா என்பார்கள். ஆகாது, அவ்வித்து கொதிநீரையும் தாங்கும். நல்ல மலைத்தேன்தான் என்று சொல்வதும் பயன் தராது. தூய தேனிலும் வித்து இருக்கலாம். பாலூட்டும் தாய் தேன் உண்பதற்குத் தடையில்லை. குழந்தைக்கு ஓராண்டு நிறைந்தபின் கொடுக்கலாம்.

இதே காரணத்தால், சமையலறைத் தேனை அறுவைப் புண்ணிலோ நீரிழிவுப் புண்ணிலோ பூசாதீர்கள். புண்ணுக்கென்று மருத்துவர் பயன்படுத்தும் தேன், கதிர்வீச்சினால் அவ்வித்துகளும் அழிக்கப்பட்டுத் தனியே அடைக்கப்பட்டது. நீரிழிவு உள்ளோர்க்கு ஒரு சொல்: தேக்கரண்டித் தேனில் ஐந்தாறு கிராம் சர்க்கரை உண்டு, அதைத் தேனீக்கள் முன்னமே பிரித்து வைத்திருப்பதால் நம் குடலுக்கு அந்த வேலையும் மிச்சம். மருந்தைத் தேனில் குழைத்து உண்பவர்கள் அந்த அளவையும் உணவுக் கணக்கில் சேர்த்து, உணவியல் ஆலோசகரிடம் கூறுங்கள்.

புட்டியில் ஈரக் கரண்டியை இடாதீர்கள். மூடியை இறுக மூடி, குளிர்பெட்டியில் அல்லாமல் அலமாரியிலேயே வையுங்கள். குளிரில் தேன் விரைந்து உறையும்.