ஆறாவது அலாரம்

ஏப்ரல் முடிய ரொறன்ரோ பல்கலைக்கழக விடுதிகள் வெறுமையாகும். எங்கள் அம்மாக்கள் ஊரில் ஓட்டோகிராப்பில் எழுதிய "என்றும் மறவேன்" என்பதையே அறைத்தோழிக்கு நானும் எழுதினேன். பெயரை மாற்றினால் அது எவருக்கும் பொருந்தும். கிழித்துவிட்டு, எங்கள் அறையில் நடந்ததை எழுதினேன்:

ஐந்து முறை அடித்தும் எழும்பாத உனக்கு
ஆறாவது அலாரம் நான்.
உப்பென்று சீனி போட்ட சோற்றைப்
"பொங்கல்" என்று சாதித்தவளே,
"ஜக்கெற் எங்கே?" என்று
நாளை என்னை யார் வாசலில் மறிப்பார்?

பரீட்சைக்கு முதல்நாள் அவள் அழுததைச் சேர்க்கவில்லை. அது பகிடி அல்ல, மற்றவர்களும் வாசிப்பார்கள். கடைசி வரியில் சிரிப்பு இல்லை, தினமும் நடந்தது மட்டுமே. சிரித்துக்கொண்டே வாசித்தவள் அங்கே நின்றாள். பிறகு என் ஜக்கெற் சிப்பை மேலே இழுத்துவிட்டாள்.