தள்ளிவைத்த சம்பளம் யாருடைய பணம்?

2018 ஆகஸ்டில் ஜெட் ஏர்வேஸ் நிர்வாகம் தன் ஊழியர்களிடம் சம்பளத்தில் 25 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கச் சொன்னது. விமானிகள் ஒப்புக்கொள்ளவில்லை. நிர்வாகமும் பின்வாங்கியது. ஊழியர்கள் வென்றதுபோலத்தான் அன்று தெரிந்திருக்கும். ஆனால் சில வாரங்களிலேயே விமானிகள், பொறியாளர்கள், மூத்த அதிகாரிகள் ஆகியோரின் சம்பளம் தவணை தவணையாக வரத் தொடங்கியது. பிறகு தவணைகளும் பிந்தின. சம்பள பாக்கிக்காக விமானிகள் வேலைநிறுத்தம் வரை பேசினார்கள். 2019 ஏப்ரல் 17 இரவோடு விமானங்கள் நின்றுபோயின. ஜூனில் திவால் வழக்கு தொடங்கியது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த நிறுவனத்தைக் கலைத்து, சொத்துகளை விற்கச் சொல்லிவிட்டது.

தொழில் படுக்கும்போது கம்பெனிகள் சம்பளச் செலவைச் சுருக்க மூன்று வழிகளைத்தான் நாடுகின்றன. சம்பளத்தைக் குறைப்பது, தள்ளிவைப்பது, சம்பளமில்லா விடுப்பில் அனுப்புவது. மூன்றையும் 'கொஞ்ச நாள் ஒத்துழையுங்கள்' என்ற ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். கேட்பவருக்கும் மூன்றும் ஒன்றுபோலவே இருக்கும். குறைப்பு என்றதும் கொதிப்பவர்கள்கூட, தள்ளிவைப்பு என்றால் 'எப்படியும் வந்துவிடும்' என்று சமாதானமாகிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், தேதி குறிக்காமல் தள்ளிவைப்பதுதான் மூன்றிலும் ஆபத்தானது. குறைப்பில் என்ன போயிற்று என்பது அன்றே தெரிந்துவிடும். தள்ளிவைப்பில் நீங்கள் கம்பெனிக்கு வட்டியில்லாமல், ஈடில்லாமல், பத்திரமில்லாமல் கடன் கொடுக்கிறீர்கள். அதுவும் எந்த வங்கியும் கடன் தர யோசிக்கும் நேரத்தில்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் ஒருவர் பத்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சம்பளம் 60,000 ரூபாய், அதில் பேசிக் 30,000. ஆர்டர் குறைந்துவிட்டது, ஜனவரி முதல் மூன்று மாதம் 30 சதவீதம் பிடிக்கிறோம் என்று எச்.ஆரிடமிருந்து மெயில் வருகிறது. மாதம் 18,000 வீதம் மூன்று மாதத்துக்கு 54,000 ரூபாய். இது குறைப்பா, தள்ளிவைப்பா? மெயிலில் தெளிவாக இல்லை.

அவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஏனென்றால் வருமான வரிச் சட்டம் இரண்டையும் வேறுவேறாகப் பார்க்கிறது. சம்பளம் கைக்கு வந்த நாள், அது தரப்பட வேண்டிய நாள், இந்த இரண்டில் எது முந்தியதோ அதை வைத்துத்தான் வரி. எனவே தள்ளிவைத்த 54,000 அடுத்த நிதியாண்டில் வந்தாலும், வராமலே போனாலும், சட்டத்தின் கண்ணில் இந்த ஆண்டின் வருமானம். குறைப்பு என்றால் அந்தப் பணம் வருமானமே இல்லை, வரியும் இல்லை. ஆனால் குறைப்பு மாதம் தொடங்குமுன்பே எழுத்தில் வந்திருக்க வேண்டும். வேலை பார்த்து முடித்து, சம்பளம் சேர்ந்த பிறகு 'எனக்கு வேண்டாம்' என்று விட்டுக்கொடுத்தால், விட்டுக்கொடுத்த பணத்துக்கும் வரி உண்டு. ஜனவரிச் சம்பளத்துக்கு பிப்ரவரியில் தேதி போட்டு வரும் குறைப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

தள்ளிவைப்புதான் என்று பதில் வந்தால், அதைக் கடன் மாதிரியே நடத்த வேண்டும். எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் தருவீர்கள், நடுவில் நான் வேலையை விட்டாலோ நீங்கள் அனுப்பினாலோ கடைசி செட்டில்மெண்டில் முழுவதும் சேருமா. இந்த மூன்றுக்கும் பொறுப்புள்ள ஒருவர் கையெழுத்திட்ட பதில் வேண்டும். 'நிலைமை சீரானதும்' என்பது தேதி அல்ல. உறுதியான தேதி தர முடியாது என்றால், இன்ன வாடிக்கையாளரிடமிருந்து வரவேண்டிய தொகை வந்த பதினைந்து நாளில், அல்லது இன்ன மாதக் கடைசிக்குள், எது முந்தியதோ அது என்று கேட்கலாம். வட்டி கேட்டாலும் தப்பில்லை. கிடைப்பது அபூர்வம்.

கையெழுத்துக்கு இன்னொரு பயனும் உண்டு. பணப் பாக்கிக்கு வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டுதான் அவகாசம். அந்த அவகாசம் முடிவதற்குள் 'இவ்வளவு தரவேண்டியிருக்கிறது' என்று கம்பெனி எழுதி ஒப்புக்கொண்டால், அன்றிலிருந்து மூன்று ஆண்டு புதிதாகத் தொடங்கும். ஆகவே பே ஸ்லிப்பில் தள்ளிவைத்த தொகை தனி வரியாக வருகிறதா என்று பாருங்கள். 60,000 என்று காட்டி, 42,000 தந்து, மீதி பாக்கி என்று இருந்தால் அது சாட்சி. சம்பளமே 42,000 என்று அச்சாகியிருந்தால், கம்பெனி அதைக் குறைப்பாக்கிவிட்டது என்றுதான் பொருள், மெயிலில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

ஒருவேளை கம்பெனி திவாலாகிவிட்டால்? தொழிலாளர்களின் கடைசி 24 மாதப் பாக்கி, சொத்தை ஈடாக வைத்துக் கடன் கொடுத்த வங்கிகளோடு ஒரே வரிசையில் நிற்கும். மற்ற ஊழியர்களுக்கு 12 மாதப் பாக்கி, அதற்கு அடுத்த வரிசையில். வரிசையில் இடம் இருப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. பி.எஃப்., கிராஜுவிட்டி நிதிகள் மட்டும் இந்தப் பங்கீட்டுக்கு வெளியே நிற்கின்றன. ஜெட் ஏர்வேஸை எடுத்து நடத்த முன்வந்தவர்கள் ஊழியர்களின் பி.எஃப்., கிராஜுவிட்டி பாக்கியைத் தரவேண்டும் என்ற தீர்ப்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2023 ஜனவரியில் அங்கேயும் தோற்றார்கள். ஊழியர் தானே கம்பெனியைத் திவால் நீதிமன்றத்துக்கு இழுப்பதும் இப்போது சுலபமில்லை. அதற்குக் குறைந்தபட்சப் பாக்கி முன்பு ஒரு லட்சம் ரூபாயாக இருந்தது. 2020 மார்ச்சில் அதை ஒரு கோடியாக்கிவிட்டார்கள்.

கோவைக்காரருக்கு வந்த பதில் 'குறைப்புதான்' என்றால், அடுத்த கேள்வி எதிலிருந்து குறைக்கிறீர்கள் என்பது. கடைசியாக வாங்கிய பேசிக், அகவிலைப்படியை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை ஆண்டுகளால் பெருக்கினால் வருவதுதான் கிராஜுவிட்டி. பேசிக் 30,000 என்றால் அவருடைய பத்தாண்டுக்கு 1,73,077 ரூபாய். 30 சதவீதக் குறைப்பு பேசிக்கிலும் விழுந்து அது 21,000 ஆகி, அந்த நிலையிலேயே அவரை வீட்டுக்கு அனுப்பினால் 1,21,154 ரூபாய்தான். மூன்று மாதக் குறைப்பு பத்தாண்டு உழைப்பின் பணத்தில் கிட்டத்தட்ட 52,000 ரூபாயைத் தின்றுவிடும். குறைப்பைப் படிகளிலிருந்து செய்யுங்கள், பேசிக்கைத் தொடாதீர்கள் என்று கேட்பது கம்பெனிக்கு இன்று ஒரு ரூபாயும் கூடுதல் செலவில்லாத கோரிக்கை. அதோடு, குறைப்புக் காலத்தில் யாரையாவது நீக்கினால் நோட்டீஸ் சம்பளமும் ஈட்டுத்தொகையும் பழைய சம்பளத்தின்படி என்று ஒரு வரி சேர்க்கச் சொல்ல வேண்டும். 30 சதவீதம் விட்டுக்கொடுத்தவருக்கு, விட்டுக்கொடுத்த காரணத்தாலேயே குறைவான பணம் தந்து அனுப்புவது எந்த நியாயத்திலும் சேராது.

மேலே இருப்பவர்கள் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று கேட்பதும் அதிகப்பிரசங்கித்தனம் அல்ல. 2020 மார்ச்சில் இண்டிகோ அறிவித்த குறைப்பில் தலைமை நிர்வாகிக்கு 25 சதவீதம், துணைத் தலைவர்களுக்கும் விமானிகளுக்கும் 15, விமானப் பணியாளர்களுக்கு 10, கீழ்ப் படிநிலைகளில் இருந்தவர்களுக்குக் குறைப்பே இல்லை. அதே நிறுவனம் ஜூலையில் பத்து சதவீத ஊழியர்களை அனுப்பியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். குறைப்புக்குச் சம்மதித்தால் வேலை நிலைக்கும் என்ற உறுதி எங்கும் கிடையாது. எந்த நிர்வாகமும் அதை நேர்மையாகத் தரவும் முடியாது. குறைப்பு நடக்கும் மூன்று மாதத்துக்காவது ஆட்குறைப்பு இல்லை என்று கேட்கலாம். மூன்றாம் மாதம் முடிந்ததும் யாரும் உத்தரவு போடாமலே பழைய சம்பளம் திரும்ப வேண்டும், நீட்டிப்பதென்றால் மறுபடி பேச வேண்டும் என்றும் கேட்கலாம். இந்த வரி இல்லாத குறைப்புகள்தான் வருடக்கணக்கில் ஒட்டிக்கொள்கின்றன.

சம்பளமில்லா விடுப்புக்கு ஆங்கிலத்தில் ஃபர்லோ என்ற பெயர் கொரோனா காலத்தில் இங்கேயும் பரவியது. பிரிட்டனில் அந்தப் பெயருக்குப் பின்னால் அரசாங்கத்தின் பணம் இருந்தது. வீட்டிலிருந்த ஊழியரின் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, மாதம் 2,500 பவுண்டு என்ற உச்சவரம்போடு, அரசு கொடுத்தது. நமக்கு வந்தது பெயர் மட்டும். நம் சட்டத்தில் இருப்பது லே-ஆஃப். மூலப்பொருள் இல்லை, சரக்கு தேங்கிவிட்டது போன்ற காரணங்களால் வேலை தர முடியாதபோது, 50 பேருக்குக் குறையாத ஆலையில் ஓராண்டு முடித்த தொழிலாளிக்கு பேசிக், அகவிலைப்படியில் பாதி தரவேண்டும். இதைத் தவிர்க்கத்தான் சில இடங்களில் 'நீங்களே விருப்ப விடுப்பு எழுதிக் கொடுங்கள்' என்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பாதியும் போயிற்று. தவிர்க்க முடியாவிட்டால், விடுப்பு நிர்வாகம் சொல்லி எடுத்தது, சேவையில் முறிவு இல்லை, மருத்துவக் காப்பீடு தொடரும் என்றாவது எழுதி வாங்க வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நோய்க்கால உதவித்தொகை கிடைக்க ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நீண்ட சம்பளமில்லா விடுப்பு அதில் துண்டு விழவைக்கும்.

இதையெல்லாம் கேட்க உரிமை உண்டா? தொழிலாளி என்ற வரையறைக்குள் வருபவரின் சம்பளத்தை மாற்றுவதானால் 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டத்திலேயே இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. அதே நாளில் வந்த ஊதியத் தொகுப்புச் சட்டம், மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் தேதிக்குள் தரச் சொல்கிறது. பழைய சட்டத்தில் இது 24,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்குத்தான். இப்போது சம்பள வரம்பு இல்லை, பாக்கிக்கு மூன்று ஆண்டுக்குள் மனுப் போடலாம். மேலாளர் நிலையில் இருப்பவருக்கு 21 நாள் விதி பொருந்தாது. அவருக்கு வேலை ஒப்பந்தம்தான் பிடி. ஒருதலையாக மாற்ற முடியாது, ஆனால் குறைந்த சம்பளத்தை வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தால் சம்மதித்ததாகவே எடுத்துக்கொள்ள இடம் உண்டு. 'இதை என் முழுச் சம்பளமாக ஏற்கவில்லை, மீதியைக் கோரும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை' என்று இரண்டு வரி மெயில் போட்டால் போதும், சண்டை தேவையில்லை. உச்ச நீதிமன்றமும் 2020 ஜூன் 12-இல் ஊரடங்குக் காலச் சம்பள வழக்கில் இரு தரப்பும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளத்தான் சொன்னது.

பேசும்போதே இரண்டு இடங்களை மாதாமாதம் பார்த்துவர வேண்டும். ஒன்று பி.எஃப். பாஸ்புக், மற்றது வருமான வரித் தளத்தில் இருக்கும் 26AS. முந்திய மாதத்துப் பி.எஃப். பணம் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். உங்களிடம் பிடித்த பி.எஃப். இரண்டு மாதமாக ஏறவில்லை, பிடித்த வரி காலாண்டு முடிந்தும் காட்டவில்லை என்றால், அடுத்தவர் பணத்தை எடுத்துக் கம்பெனி அன்றாடச் செலவை ஓட்டுகிறது. அந்த நிலையில் இருக்கும் கம்பெனியிடம் தள்ளிவைப்புக்குத் தேதி கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை. பி.எஃப். அலுவலகத்துக்கும் தொழிலாளர் துறைக்கும் புகார் எழுதிவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான்.