இரவில் ஒலிக்க வேண்டிய ஓர் அழைப்பு

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியவரைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினர் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இரவில் தூங்கும்போது கைப்பேசியை ஒலியில்லாமல் வைக்கிறோம். வைக்காவிட்டால் விளம்பர அழைப்புகளும் குழுச் செய்திகளும் தூங்கவிடுவதில்லை. ஆனால் அப்பாவுக்கு ஏதாவது என்றால் அம்மா அழைப்பது கேட்காதே, என்ன செய்வது?" இதற்கான வழி பெரும்பாலான கைப்பேசிகளுக்குள்ளேயே உள்ளது. தனிச் செயலி எதுவும் தேவையில்லை. ஆயினும் அந்த வசதி எப்போது உதவும், எப்போது கைவிடும் என்பதை அறிந்து அமைப்பது அவசியம்.

சைலண்ட் வேறு, தொந்தரவு தவிர்ப்பு வேறு

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொள்வோம். சைலண்ட் நிலை அழைப்பு மணியையே அணைத்துவிடுகிறது. யார் எத்தனை முறை அழைத்தாலும் அங்கே ஒலி எழுவதில்லை. Do Not Disturb எனத் திரையில் காணப்படும் தொந்தரவு தவிர்ப்பு நிலை அவ்வாறன்று. அது வாயிற்காவலரைப் போன்றது: எல்லோரையும் நிறுத்தும், நாம் பெயர் சொல்லி அனுமதித்தவரை மட்டும் உள்ளே விடும்.

எனவே இரவில் மணியின் ஒலியளவைப் போதிய அளவில் வைத்து, தொந்தரவு தவிர்ப்பை மட்டும் இயக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து இயக்கினால், காவலர் அனுமதித்த அழைப்பும் ஒலியின்றியே வந்து போகும். அதிர்வில் வைத்திருந்தால் அதிர்வு மட்டுமே வரும். ஏற்பாட்டைச் செய்தும் அழைப்பைத் தவறவிட நேர்வதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாகிறது.

அமைக்கும் முறை

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் Settings பகுதியைத் திறந்து, மேலுள்ள தேடல் பெட்டியில் Do Not Disturb எனத் தட்டச்சு செய்யுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் இடம் மாறினும், தேடினால் கிடைத்துவிடும். அதனுள் அழைப்புகளுக்கான பிரிவில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கும். ஒன்று, நட்சத்திரமிட்ட அல்லது விருப்பமான தொடர்புகளை அனுமதிப்பது. அம்மாவின் எண்ணுக்கு மட்டும் நட்சத்திரமிட்டால் அவரது முதல் அழைப்பே ஒலிக்கும். மற்றொன்று, Repeat callers. ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடங்களுக்குள் இரண்டாவது முறை அழைப்பு வந்தால், அது யாருடைய எண்ணாயினும் ஒலிக்கும்.

ஐபோனில் Settings, Focus, Do Not Disturb, People என்ற வரிசையில் சென்றால் Allow Repeated Calls எனும் பொத்தான் இருக்கும். இங்கே கால அளவு குறைவு: இரண்டாவது அழைப்பு 3 நிமிடங்களுக்குள் வர வேண்டும். ஐபோனில் இன்னொரு வழியும் உண்டு. அம்மாவின் தொடர்பைத் திறந்து Edit தொட்டு, Ringtone பகுதியில் Emergency Bypass என்பதை இயக்கினால், சைலண்ட் நிலையிலும் அவரது அழைப்பு ஒலிக்கும். ஒரே ஒருவருக்காக மட்டும் என்றால் இதுவே உறுதியான வழி. இது பகலிலும் கூட்டத்திலும் செயல்படும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

ஒரு குடும்பத்தின் இரவு

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 68 வயதுப் பெரியவர் தம் மனைவியுடன் வசிக்கிறார். மகன் வேறோர் ஊரில் பணிபுரிகிறார். அவர் இரவில் தம் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் தொந்தரவு தவிர்ப்பை இயக்கி, மீண்டும் அழைப்பவர் வசதியையும் திறந்து வைத்திருக்கிறார், அம்மாவுக்கு நட்சத்திரமிட்டிருக்கவில்லை.

இரவு 2.10. பெரியவருக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, எழுந்து உட்கார்கிறார். அம்மா முதலில் 108 எண்ணை அழைக்கிறார். அதுவே சரியான வரிசை. மகனை எழுப்புவது ஆம்புலன்ஸுக்கு மாற்றாகாது. 2.13 மணிக்கு மகனை அழைக்கிறார். அம்மாவின் காதில் வழக்கம்போல் மணியோசை கேட்கிறது, மகனின் அறையிலோ நிசப்தம். "தூங்குகிறான் போலும்" என்று எண்ணி, அவர் கணவரைத் தேற்றியபடி காத்திருக்கிறார். 2.31 மணிக்கு மீண்டும் அழைக்கிறார். இப்போதும் ஒலிப்பதில்லை. 15 நிமிடங்கள் கடந்துவிட்டதால் கைப்பேசி அதைப் புதிய முதல் அழைப்பாகவே கருதுகிறது.

இதே அம்மா 2.14 மணிக்கே மீண்டும் அழைத்திருந்தால் மகன் விழித்திருப்பார். ஆகவே அமைப்பு மகனின் கைப்பேசியில் இருந்தாலும், வெற்றி அம்மாவின் கையில் இருக்கிறது. அவரிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "நான் எடுக்காவிட்டால் காத்திருக்க வேண்டாம், உடனே மறுபடியும் கூப்பிடுங்கள் அம்மா." ஒரு முறை மிஸ்டு கால் கொடுத்துவிட்டு, மறுமுனை திரும்ப அழைக்கும் எனக் காத்திருக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. இந்த ஏற்பாட்டில் அது பயன்படாது. நட்சத்திரமும் இட்டுவிட்டால் இந்தக் காலக் கணக்கே தேவைப்படாது; எனவே இரண்டையும் சேர்த்து வைப்பதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம்.

எண் மாறினால்

கைப்பேசி மனிதரை அறியாது, எண்ணையே அறியும். அம்மா முதல் முறை தம் கைப்பேசியிலும், இரண்டாவது முறை பக்கத்து வீட்டாரின் கைப்பேசியிலும் அழைத்தால் அது மீண்டும் வந்த அழைப்பாகக் கணக்காகாது. இரண்டு சிம் வைத்திருப்போரின் இரு எண்களையும், வீட்டுத் தொலைபேசி எண்ணையும் ஒரே தொடர்பில் சேமித்து நட்சத்திரமிடுங்கள். பக்கத்து வீட்டாரின் எண்ணையும் தனியே சேர்ப்பது நல்லது.

நோயாளி மருத்துவமனையில் இருக்கும்போதும் இதே சிக்கல் எழும். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து ஒரு தொலைபேசியிலும், செவிலியர் மேசையிலிருந்து வேறொன்றிலும் அழைப்பு வரக்கூடும். எந்தெந்த எண்களிலிருந்து அழைப்பு வரும் என்பதைப் பிரிவுச் செவிலியரிடம் கேட்டு, அவை அனைத்தையும் சேமித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் அழைப்பை இந்த ஏற்பாட்டில் நம்ப வேண்டாம். அவசரத்துக்குச் சாதாரண அழைப்பே என வீட்டில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

சோதித்துப் பாருங்கள்

படுக்கைக்குச் செல்லும் முன் ஒருமுறை சோதிப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். தொந்தரவு தவிர்ப்பை இயக்கி, திரையைப் பூட்டிவிட்டு, அம்மாவை அழைக்கச் சொல்லுங்கள். முதல் அழைப்பே ஒலிக்கிறதா எனக் கவனியுங்கள். பிறகு நட்சத்திரமிடாத வேறோர் எண்ணிலிருந்து ஒரு முறை அழைக்கச் செய்யுங்கள், அது ஒலிக்கக்கூடாது. ஒரு நிமிடத்துக்குள் அதே எண்ணிலிருந்து மீண்டும் அழைக்கும்போது ஒலிக்க வேண்டும். எதுவும் ஒலிக்காவிடில் முதலில் மணியின் ஒலியளவைப் பாருங்கள். கைப்பேசி மாற்றிய பின்னும், மென்பொருளைப் புதுப்பித்த பின்னும் இச்சோதனையை மறுபடி செய்யுங்கள்.

கைப்பேசி அணைந்திருந்தாலோ, விமானப் பயன்முறையில் இருந்தாலோ, சிக்னல் இல்லாவிட்டாலோ எந்த ஏற்பாடும் உதவாது. ஆகவே இரவில் கைப்பேசியை மின்னேற்றத்தில், தலைமாட்டில் வையுங்கள். மகனை எட்ட முடியாவிட்டால் அடுத்து அழைக்க வேண்டிய இன்னொருவரின் எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி, 108 எண்ணுக்குக் கீழே, அம்மாவின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள்.