மாத ஒதுக்கீடும் அன்றாட விற்பனைக் கணக்கும்

கரும்பு விளைவிக்கும் அங்கத்தினர்கள் மூங்கில்துறைப்பட்டுக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையைப் பற்றிப் பேசும்பொழுது அரவையைக் குறித்தே பெரிதும் வினவுகின்றனர். விற்பனையைக் குறித்து வினவுவோர் சிலரே. கரும்பு ஒப்படைத்த 14 நாட்களுக்குள் கிரயம் தர வேண்டும் என்பது 1966-ஆம் ஆண்டுக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணையின் விதி. அப்பணமோ சர்க்கரை விற்றால்தான் பெருமளவு கைக்கு வரும்.

ஆனால், ஆலைகள் விரும்பிய அளவெல்லாம் விற்றுவிட இயலாது. 2018 ஜூன் முதல் ஒவ்வோர் ஆலையும் ஒரு மாதத்தில் உள்நாட்டில் விற்கத்தக்க அளவை மத்திய அரசு வரையறுத்து வருகிறது. ஆகவே, ஒதுக்கீடு மாத முடிவுக்குள் விற்றுத் தீருமா என்பதை விற்பனைப் பிரிவின் தலைவர் நாள்தோறும் அறிந்தாக வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். ஒதுக்கீடு 12,000 குவிண்டால்; வேலை நாட்கள் 26. பத்தாம் நாள் மாலையில் கிடங்கைவிட்டு வெளியேறியது 3,600 குவிண்டால். சராசரி நாளொன்றுக்கு 360. இதே வேகத்தில் சென்றால் மாத முடிவில் 9,360 குவிண்டாலே ஆகும், 2,640 குறையும். எஞ்சிய 8,400 குவிண்டாலை 16 நாட்களில் அனுப்ப நாளொன்றுக்கு 525 குவிண்டால் வேண்டும். அதாவது 50 கிலோ மூட்டைகள் 1,050.

இச்சராசரி ஒன்றையே நம்புதல் தகாது. முதல் வாரம் மந்தமாயிருந்து, கடைசி 5 நாட்களில் மட்டும் 2,200 குவிண்டால் சென்றிருக்கலாம். அவ்வேகம் 440; அதன்படி மாத முடிவில் 10,640 ஆகும். குறைவு 1,360 மட்டுமே. இரு மதிப்பீடுகளையும் அருகருகே எழுதினால் விற்பனை ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது விளங்கும்.

இன்னுமொரு கலம் இன்றியமையாதது. டெண்டரில் விலை முடிந்தும் வியாபாரி எடுத்துச் செல்லாத சரக்கு அதில் இடம்பெற வேண்டும். அது 2,500 குவிண்டால் என்று கொண்டால், இனி விலை பேச வேண்டியது 5,900 குவிண்டாலே. இந்த 2,500-ஐ விற்பனையில் சேர்த்தெழுதிவிட்டால் கணக்கு அழகாகத் தோன்றும், லாரியோ வந்திராது. அக்கலத்தின் தொகை நாளுக்குநாள் பெருகினால் குறை விலையில் இல்லை, சரக்கெடுப்பில் உள்ளது என்று அறிந்து, வியாபாரிகளுக்குத் தவணை நாளை நினைவூட்ட வேண்டும். அத்தொகை சுருங்கிக்கொண்டே வந்தால் அடுத்த டெண்டரை உடனே அழைக்க வேண்டும். அழைப்பு, திறப்பு, பணம் கட்டுதல், லாரி ஏற்றுதல் ஆகியவற்றிற்குச் சில நாட்கள் பிடிக்குமாதலின், இருபதாம் வேலை நாளுக்குப் பின் அழைப்பது பெரும்பாலும் காலங்கடந்ததே. அப்பொழுது விலையைத் தாழ்த்தி ஒரேயடியாகத் தள்ளும் நிலை நேரும்; அந்நட்டம் கரும்புக்காரர் தலையில் விழும்.

நெசவாளர் சங்கங்களுக்கு இம்முறை அப்படியே பொருந்தாது. தீபாவளித் துணி விற்பனை பண்டிகைக்கு முந்திய நாட்களில் குவிவதால் தினச் சராசரி குறைத்தே காட்டும். சென்ற ஆண்டு, பண்டிகைக்கு இத்தனை நாட்களுக்கு முன் மொத்த விற்பனையில் எத்தனை பங்கு முடிந்திருந்தது என்று பார்த்து, அவ்விகிதத்தால் இவ்வாண்டை மதிப்பிடுதலே முறை.

அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இந்த அன்றாடப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்களாக.