போனிலிருந்து லேப்டாப்புக்கு போட்டோ: ‘காப்பி ஆயிடுச்சு’ என்று எப்படி உறுதி செய்வது?

போனில் இடம் நிறைந்துவிட்டது. கேமராவைத் திறந்தால் வீடியோ எடுக்க முடியவில்லை. உடனே பலரும் செய்வது இதுதான்: கேபிளைச் சொருகி, கேமரா ஃபோல்டரை மொத்தமாக செலக்ட் செய்து, கட் கொடுத்து, லேப்டாப்பில் பேஸ்ட் செய்வது. பாதியில் கேபிள் ஆடினாலோ, லேப்டாப் தூங்கிப்போனாலோ, சில படங்கள் போனிலும் இருக்காது, லேப்டாப்பிலும் முழுதாக இருக்காது.

போட்டோக்களை மாற்றுவது கடினமான வேலை அல்ல. எல்லாம் சரியாக வந்துவிட்டதா என்று தெரிந்துகொண்ட பிறகு போனில் அழிப்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். அதை ஒரு உதாரணத்தோடு பார்க்கலாம். ஒரு ஆண்ட்ராய்டு போனின் கேமரா ஃபோல்டரில் 3,380 ஃபைல்கள், மொத்தம் 46 ஜிபி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மாற்ற வேண்டிய இடம் ஒரு விண்டோஸ் லேப்டாப்.

முதலில் கேபிள்

போனைச் சொருகியதும் சார்ஜ் மட்டும் ஏறும். லேப்டாப்பில் ஃபோல்டர் எதுவும் தெரியாது. இது கோளாறு அல்ல. பாதுகாப்புக்காக ஆண்ட்ராய்டு அப்படித்தான் தொடங்கும். போனை அன்லாக் செய்து, மேலிருந்து நோட்டிஃபிகேஷனை இழுத்து, யுஎஸ்பி பற்றிய வரியைத் தட்டி, “File transfer” என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த வரியே வரவில்லை என்றால் கேபிளைச் சந்தேகிக்கலாம். சார்ஜுக்கு மட்டுமே பயன்படும், டேட்டா கம்பி இல்லாத கேபிள்கள் கடைகளில் நிறைய உண்டு.

வேகமும் கேபிளைப் பொறுத்ததே. இரண்டு முனையும் டைப்-சி என்பதால் மட்டும் ஒரு கேபிள் வேகமானதாகிவிடாது. போனோடு வரும் பல கேபிள்கள் யுஎஸ்பி 2.0 ரகம். அதில் நடைமுறையில் நொடிக்கு 30 எம்பி அளவு கிடைக்கும். அந்தக் கணக்கில் 46 ஜிபிக்கு சுமார் 25 நிமிடம். சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இன்னும் கூடும். அதனால் ஆரம்பிக்கும் முன் லேப்டாப்பின் ஸ்லீப் நேரத்தை அணைத்துவிடுவது நல்லது.

போன் ஒரு பென்டிரைவ் அல்ல

லேப்டாப்பில் போன் தெரியும்போது அதற்கு D, E மாதிரி டிரைவ் எழுத்து இருக்காது. காரணம், கணினி நேரடியாக போனின் மெமரியைப் படிப்பதில்லை. எம்டிபி என்ற முறையில் “இந்த ஃபைலைக் கொடு” என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறது. போன் எடுத்துக் கொடுக்கிறது. ஆயிரக்கணக்கான ஃபைல்களைக் கேட்கும்போது இந்தப் பேச்சுவார்த்தை நடுவில் அறுந்துபோவது சகஜம். அதனால் இரண்டு விதிகள்.

ஒன்று, கட் வேண்டவே வேண்டாம், காப்பி மட்டும். போனில் இருப்பது கடைசி வரை தொடப்படாமல் இருக்கட்டும்.

இரண்டு, மொத்தமாக இழுக்காமல் 500 அல்லது 1,000 ஃபைல்களாகப் பிரித்து காப்பி செய்வது. கேமரா ஃபோல்டர் DCIM என்பதற்குள் Camera என்ற பெயரில் இருக்கும். தேதி வாரியாக அடுக்கிக்கொண்டு வருடம் வருடமாக எடுத்தால், எங்கே நின்றது என்பது தெளிவாகத் தெரியும். வாட்ஸ்அப் படங்கள் இந்த ஃபோல்டரில் இருக்காது. அவை Android, media, com.whatsapp என்ற வரிசையில் உள்ளே தனியாக இருக்கும். ஸ்கிரீன்ஷாட்டுகளும் போனைப் பொறுத்து வேறு ஃபோல்டரில் இருக்கலாம். கேமரா ஃபோல்டரை மட்டும் எடுத்துவிட்டு ‘எல்லாம் வந்துடுச்சு’ என்று நினைத்துவிடக் கூடாது.

நம் உதாரணத்தில் 2,914-வது ஃபைலில் காப்பி நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மறுபடி முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. அதே ஃபைல்களை மறுபடி காப்பி கொடுத்தால், ஏற்கெனவே இருப்பதைத் தவிர்க்கலாமா என்று விண்டோஸ் கேட்கும். ஆனால், அதற்கு முன் ஒரு வேலை உண்டு. நின்ற நேரத்தில் காப்பி ஆகிக்கொண்டிருந்த அந்தக் கடைசி ஃபைல் லேப்டாப்பில் அரைகுறையாக இருக்கலாம். பெயர் ஒன்றாக இருப்பதால் விண்டோஸ் அதையும் தவிர்த்துவிடும். எனவே, லேப்டாப்பில் கடைசியாக வந்த ஃபைலை அழித்துவிட்டு, பிறகு தொடர வேண்டும்.

46 ஜிபி எப்படி 42.8 ஆனது?

காப்பி முடிந்ததும் பலர் பதறும் இடம் இது. போன் 46 ஜிபி என்றது. லேப்டாப்பின் Properties-இல் 42.8 ஜிபி என்று காட்டுகிறது. 3 ஜிபி காணாமல் போய்விட்டதா?

இல்லை. பல போன்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்று கணக்கிடுகின்றன. விண்டோஸ் 1,024-ஐ மூன்று முறை பெருக்கி, சுமார் 107 கோடி பைட்டை ஒரு ஜிபி என்கிறது. அளவுகோல்தான் வேறு, சரக்கு ஒன்றுதான். எனவே, ஜிபியை வைத்து ஒப்பிடுவது வீண். ஒப்பிட வேண்டியது ஃபைல்களின் எண்ணிக்கையை. லேப்டாப்பில் போனின் Camera ஃபோல்டரைத் திறந்து, முழுதாக லோட் ஆகும்வரை காத்திருந்தால், கீழே “3,380 items” என்று காட்டும். காப்பி செய்த ஃபோல்டரிலும் அதே எண் வர வேண்டும்.

எண் சரியாக வந்தாலும் இரண்டு சோதனைகள் பாக்கி. காப்பி ஆன ஃபோல்டரை அளவு வாரியாக, சிறியதிலிருந்து பெரியதாக அடுக்க வேண்டும். 0 KB என்று ஏதாவது இருந்தால் அது வெறும் பெயர்தான். உள்ளே படம் இல்லை. அடுத்து, மிகப் பெரிய வீடியோக்கள் நாலைந்தைத் திறந்து, கடைசி நிமிடத்துக்கு நகர்த்தி ஓட்டிப் பார்க்க வேண்டும். போன் கேமராக்கள் பெரும்பாலும் எம்பி4 வீடியோவின் அட்டவணையை ஃபைலின் கடைசியில்தான் எழுதுகின்றன. வால் அறுந்த வீடியோ, பாதி வரை ஓடுவதற்குப் பதில் திறக்கவே திறக்காமல் போவது அதனால்தான்.

கமாண்ட் அடிக்கத் தயங்காதவர்களுக்கு எம்டிபியைவிட நம்பகமான வழி ஒன்று உண்டு. கூகுளின் பிளாட்ஃபார்ம் டூல்ஸை லேப்டாப்பில் இறக்கி, போனின் டெவலப்பர் ஆப்ஷனில் “USB debugging”-ஐ இயக்கி, இதைக் கொடுக்கலாம்:

```
adb pull -a /sdcard/DCIM/Camera D:\Photos
```

முடிந்ததும் எத்தனை ஃபைல் வந்தது, எத்தனை விடுபட்டது என்று அதுவே சொல்லும். கமாண்டில் உள்ள `-a`, ஃபைல்களின் பழைய தேதியையும் காப்பாற்றும். வேலை முடிந்ததும் அந்த டீபக்கிங்கை மறக்காமல் அணைத்துவிட வேண்டும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சிக்கல்கள்

ஐபோனைச் சொருகியதும் “Trust” கொடுத்தால்தான் படங்கள் தெரியும். அதன் பிறகும், காப்பி நடுவில் “A device attached to the system is not functioning” என்று விண்டோஸில் வந்து நிற்பது பலரும் சந்திக்கும் தொல்லை. கேபிளில் தவறில்லை. ஐபோன் தன் ஹெச்ஈஐசி படங்களை அனுப்பும்போதே ஜேபெக்காக மாற்ற முயல்கிறது. அந்த வேலையில் திணறுகிறது. செட்டிங்ஸில் Photos பகுதிக்குப் போய், கடைசியில் உள்ள “Transfer to Mac or PC” என்ற இடத்தில் “Keep Originals” என்று மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் பிறகு வரும் ஹெச்ஈஐசி படம் லேப்டாப்பில் திறக்கவில்லை என்றால், படம் கெட்டுவிட்டது என்று பொருள் அல்ல. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து “HEIF Image Extensions” போட்டுவிட்டு மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். ஐகிளவுடில் “Optimise iPhone Storage” இயங்கினால், பல படங்களின் ஒரிஜினல் போனிலேயே இருக்காது. சிறிய வடிவம்தான் இருக்கும். கேபிள் வழியாக ஒரிஜினல் வராது. “Download and Keep Originals” என்று மாற்றி, எல்லாம் இறங்கும்வரை காத்திருக்கலாம். போனில் இடம் இல்லை என்றால் ஐகிளவுட் இணையதளத்திலிருந்தே லேப்டாப்பில் இறக்கிக்கொள்ளலாம்.

கேபிள் இல்லாமல் முடியாதா?

முடியும். ஆண்ட்ராய்டிலிருந்து விண்டோஸுக்கு கூகுளின் குயிக் ஷேர் இருக்கிறது. ஐபோன், மேக், லினக்ஸ் என எல்லாவற்றுக்கும் பொதுவாக வேண்டும் என்றால் லோக்கல்சென்ட் என்ற இலவச ஆப் இருக்கிறது. இரண்டு சாதனமும் ஒரே வைஃபையில் இருந்தால் போதும். லோக்கல்சென்டுக்கு இன்டர்நெட் டேட்டா செலவாகாது. ஆபீஸ், ஹாஸ்டல் வைஃபையில் லேப்டாப்பின் பெயரே தெரியவில்லை என்றால், அங்கே சாதனங்கள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுத்திருக்கலாம். போனின் ஹாட்ஸ்பாட்டை இயக்கி அதில் லேப்டாப்பை இணைத்தால் வேலை நடக்கும்.

ஆனால், 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் நொடிக்கு 5 எம்பி கிடைத்தால், அந்த 46 ஜிபிக்கு இரண்டரை மணி நேரம் ஆகும். அதுவரை போனின் ஸ்கிரீன் அணையக் கூடாது. எனவே, 50 படம், நாலு வீடியோ என்றால் வைஃபை. மொத்த ஃபோல்டர் என்றால் கேபிள். வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பி இறக்குவதை மட்டும் தவிர்க்கலாம். சாதாரணமாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். எடுத்த தேதி, இடம் போன்ற விவரங்களும் போய்விடும்.

அழிக்கும் முன் இன்னொரு விஷயம்

எண்ணிக்கை பொருந்தியது, வீடியோக்கள் ஓடின. இப்போது போனில் அழிக்கலாமா? இந்த நிமிடத்தில் அழித்தால் லேப்டாப்பில் இருப்பதுதான் ஒரே பிரதி. அதன் டிஸ்க் போனால் எல்லாம் போகும். அதனால் ஒரு எக்ஸ்டர்னல் டிரைவிலும் போட்டுவிட வேண்டும். 4 ஜிபிக்கு மேற்பட்ட வீடியோ மட்டும் அதில் ஏற மறுத்தால், அந்த டிரைவ் எஃப்ஏடி32 வடிவில் இருக்கிறது என்று பொருள். உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு, எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மட் செய்தால் ஏறும்.

கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படத்தை அந்த ஆப்பிலேயே அழித்தால், கிளவுடில் இருப்பதும் சேர்ந்து போகும். ஐகிளவுடிலும் அதே கதைதான். கிளவுட் பிரதி இருக்கட்டும், போனில் மட்டும் இடம் வேண்டும் என்றால், கூகுள் போட்டோஸில் “Free up space” என்பதே சரியான பட்டன். தவறி அழித்தாலும் ஐபோனின் “Recently Deleted” ஃபோல்டரில் 30 நாள் இருக்கும்; கூகுள் போட்டோஸின் குப்பைத்தொட்டியில், பேக்கப் ஆன படங்கள் 60 நாள் இருக்கும். அந்தக் குப்பைத்தொட்டியைக் காலி செய்வதற்கு முன், லேப்டாப் ஃபோல்டரை இன்னொரு முறை திறந்து பார்த்துவிடுவது நல்லது.